தொட்டுப் பார்க்காத பொருளுக்கு விவரம் எழுதுவது

டிராப்ஷிப்பிங் வியாபாரத்தில் சரக்கு, விற்பவரின் கைக்கு வருவதே இல்லை. கும்பகோணத்தில் இருக்கும் வாடிக்கையாளர் இணையக் கடையில் ஆர்டர் போடுகிறார். விற்பவர் அந்த ஆர்டரை சப்ளையருக்கு அனுப்புகிறார். சப்ளையரின் குடோன் மும்பையிலோ டெல்லியிலோ இருக்கும். பொருள் அங்கிருந்து நேராகக் கும்பகோணத்துக்குப் போய்விடும். நடுவில் நின்று விற்றவர் அந்தப் பெட்டியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். கடையில் அவருடையது என்று சொல்லத்தக்கது இரண்டுதான்: விலை, பொருளைப் பற்றிய விவரக் குறிப்பு. அந்தக் குறிப்பை நம்பித்தான் முகம் தெரியாத ஒருவர் பணம் கட்டுகிறார்.

இந்தக் குறிப்பை எழுதும் வேலையைச் சில சிறு வியாபாரிகளுக்காக நான் செய்து வருகிறேன். பொதுவாகக் கடைக்காரர்கள் சப்ளையர் அனுப்பும் வாசகத்தை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அதே வாசகம் இன்னும் பல கடைகளிலும் இருக்கும். ஒரே வாசகம் உள்ள பக்கங்களை கூகுள் ஒரு கூட்டமாகச் சேர்த்து, அவற்றில் ஒன்றை மட்டும் தேடல் முடிவில் காட்டப் பார்க்கும். இதைத் தண்டனை என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படி எதுவும் கிடையாது. ஆனால் காட்டப்படும் அந்த ஒரு பக்கம் நேற்றுத் திறந்த சின்னக் கடையுடையதாக இருப்பது அரிது. இதற்கு மேல் காப்புரிமையும் இருக்கிறது. ஒரு பொருளின் எடையும் அளவும் யாருக்கும் சொந்தமில்லை. அவற்றைச் சொன்ன வாசகம், எழுதியவருக்குச் சொந்தம்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் சொல்லை மட்டும் மாற்றுகிறார்கள். ‘மாபெரும்’ என்பது ‘பிரம்மாண்டமான’ என்று ஆகும். ‘அதிவேக’ என்பது ‘மின்னல் வேக’ என்று ஆகும். ஒட்டுவதைவிட இது ஆபத்தானது என்பது என் கருத்து. ஒட்டிய வாசகத்தில் பொய் இருந்தால் அது தயாரிப்பாளர் சொன்ன பொய். சொல் மாற்றி எழுதிய பிறகு அதே பொய்யை விற்பவர் தன் வாயால் சொல்கிறார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 86-ஆம் பிரிவில் இதற்கு இடம் வைத்திருக்கிறது. தயாரிப்பாளர் தந்த உத்தரவாதத்துக்குப் புறம்பாக விற்பவர் தானாக ஓர் உத்தரவாதம் தந்து, பொருள் அதன்படி இல்லாமல் போய் அதனால் தீங்கு நேர்ந்தால், பொருளைத் தயாரிக்காத அவரும் பொறுப்பேற்க வேண்டும். தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கைகளை வாங்குபவருக்குச் சொல்லாமல் விட்டாலும் அப்படித்தான். ஆகவே எச்சரிக்கை வரிகள் பார்வைக்கு அழகாக இல்லை என்று வெட்டிவிட முடியாது.

ஒரு பொருளை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை எழுதிப் பார்த்தால் வேலை எப்படி நடக்கிறது என்று தெரியும். ஈரோட்டிலிருந்து இணையக் கடை நடத்தும் ஓர் இளைஞருக்காக எழுதிய பவர் பேங்க் குறிப்பை எடுத்துக்கொள்கிறேன். பவர் பேங்கைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அதைத் தொடாமலேயே, காகிதத்தில் உள்ள எண்களை வைத்து நிறையக் கண்டுபிடித்துவிடலாம்.

சப்ளையரின் வாசகம் சொன்னது இது: 20,000 எம்.ஏ.எச். மாபெரும் திறன். 22.5 வாட் அதிவேக சார்ஜிங். போனை 4 முறை முழுதாக ஏற்றும். 3 மணி நேரத்தில் தானும் நிரம்பிவிடும். 12 அடுக்குப் பாதுகாப்பு. தீப்பிடிக்காத மேலுறை. விமானப் பயணத்துக்கு அங்கீகாரம் பெற்றது. கைக்கு அடக்கம், எடை 280 கிராம் மட்டுமே.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் எந்த வரியையும் திருத்தி எழுத ஆரம்பிக்கும் முன் சப்ளையரிடம் மூன்று பொருள்கள் கேட்டேன். ஒன்று, இப்போது குடோனில் இருக்கும் சரக்கின் பின்புற லேபிளை நேராக எடுத்த படம். பக்கத்தில் அன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி வைத்து எடுக்க வேண்டும். இரண்டாவது, பெட்டிக்குள் வைக்கும் கையேடு. மூன்றாவது, பெட்டியின் எல்லாப் பக்கங்களின் படம். வாசகத்தை எழுதுபவர் விளம்பரப் பிரிவில் இருப்பவர். லேபிளை அச்சிடுபவர் சோதனைக்கும் சுங்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர். இரண்டும் முரண்பட்டால் நான் லேபிளை நம்புவேன்.

லேபிள் படத்தில் இருந்தவை: செல் திறன் 20,000 எம்.ஏ.எச்., 3.7 வோல்ட், 74 வாட்-ஹவர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், மதிப்பிட்ட திறன் 12,000 எம்.ஏ.எச்., 5 வோல்ட் 3 ஆம்பியரில். டைப்-சி வாய் உள்வாங்குவது அதிகபட்சம் 18 வாட், வெளிக்கொடுப்பது அதிகபட்சம் 20 வாட். யு.எஸ்.பி.-ஏ வாய் வெளிக்கொடுப்பது அதிகபட்சம் 22.5 வாட். இரண்டு வாயிலும் ஒரே நேரத்தில் கேபிள் போட்டால் மொத்தம் 5 வோல்ட் 3 ஆம்பியர்.

லேபிளில் இரண்டு திறன் இருப்பது பலரைக் குழப்புகிறது. கடைக்காரத் தம்பியும் அதைத்தான் கேட்டார்: “இருபதாயிரத்த அஞ்சாயிரத்தால வகுத்தா நாலுதானுங்களே வருது? அப்ப நாலு முறைன்னு போட்டா என்னங்ணா தப்பு?”

தப்பு, வோல்ட்டில் இருக்கிறது. உள்ளே உள்ள லித்தியம் செல் சுமார் 3.7 வோல்ட்டில் வேலை செய்கிறது. கேபிள் வழியாக வெளியே வருவது 5 வோல்ட்டோ அதற்கு மேலோ. வோல்ட் ஏறினால் எம்.ஏ.எச். எண் அதற்கேற்பக் குறையும். மாற்றும் சர்க்யூட் ஒரு பங்கை வெப்பமாக இழக்கும். எனவே எம்.ஏ.எச். எண்ணை எம்.ஏ.எச். எண்ணால் வகுப்பது கணக்கே அல்ல. இரண்டையும் வாட்-ஹவராக மாற்றிக்கொண்டு பிறகு வகுக்க வேண்டும்.

```
20000 mAh × 3.7 V ÷ 1000 = 74 Wh
12000 mAh × 5 V ÷ 1000   = 60 Wh
5000 mAh × 3.85 V ÷ 1000 = 19.25 Wh
```

முதல் வரி, பவர் பேங்கின் உள்ளே இருக்கும் சக்தி. இரண்டாவது, கேபிள் வழியாக வெளியே வரும் என்று தயாரிப்பாளரே லேபிளில் ஒப்புக்கொண்ட சக்தி. மூன்றாவது, 5,000 எம்.ஏ.எச். போனின் பேட்டரி கொள்ளும் சக்தி. போனும் சார்ஜ் ஏறும்போது சூடாகிறது, கொஞ்சம் வீணாக்குகிறது. அதற்காக பத்துப் பதினைந்து சதவீதம் சேர்த்தால் ஒரு முழு சார்ஜுக்குச் சுமார் 22 வாட்-ஹவர் வேண்டும். 60-ஐ 22-ஆல் வகுத்தால் 2.7. நான் எழுதிய வரி: “5,000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள போனைச் சுமார் இரண்டரை முறை முழுதாக ஏற்றலாம் என்பது லேபிள் எண்களின்படி நாங்கள் போட்ட கணக்கு.” நான்கைவிட இரண்டரை சிறிய எண்தான். ஆனால் நான்கு முறை என்று நம்பி வாங்கியவர் மூன்றாவது முறை பாதியில் நிற்கும்போது பொருளைத் திருப்பி அனுப்புவார். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரப்படுத்திய தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. அனுப்புவதற்கும் திரும்ப எடுப்பதற்கும் ஆகும் கூரியர் செலவு சின்னக் கடைக்காரரின் லாபத்தைத் தின்றுவிடும்.

“லேபிள் எண்களின்படி நாங்கள் போட்ட கணக்கு” என்ற அந்தப் பகுதியை வேண்டுமென்றேதான் வைத்தேன். சோதித்துப் பார்த்தோம் என்று அது சொல்லவில்லை. தொடாத பொருளைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு வாக்கியமும் எங்கிருந்து வந்தது என்று எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிந்த இடத்தில் வாங்குபவருக்கும் தெரிய வேண்டும். நான் ஒரு தாளில் சப்ளையரின் கூற்றுகளை ஒவ்வொன்றாக எழுதி, எதிரே அதற்கான ஆதாரத்தைக் குறிப்பேன்: லேபிளில் இருக்கிறது, கையேட்டில் இருக்கிறது, கணக்கில் வருகிறது, சப்ளையர் சொல்கிறார் அவ்வளவுதான். கடைசி வகையில் வருவது எதுவும் குறிப்புக்குள் நுழையாது. சப்ளையர் அதற்கு ஆதாரம் தந்தால் வேறு வகைக்கு மாறும்.

3 மணி நேரத்தில் நிரம்பும் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். உள்வாங்குவது அதிகபட்சம் 18 வாட். 74-ஐ 18-ஆல் வகுத்தாலே நான்கு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. எதுவும் வீணாகாமல், கடைசி வரை அதே வேகத்தில் ஏறினால்தான் அந்த நான்கும். நிறையும் நேரத்தில் லித்தியம் பேட்டரி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், ஐந்து முதல் ஆறு மணி நேரம் என்று சொல்வதே நியாயம். வீட்டில் இருக்கும் பழைய 10 வாட் சார்ஜரில் போட்டால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாங்குபவர்களில் பலரிடம் அந்த 10 வாட் சார்ஜர்தான் இருக்கும். சப்ளையரின் வாசகத்தில் அவர்களுக்கு ஒரு சொல்கூட இல்லை. இப்படிப்பட்ட இடத்தில்தான் குறிப்பு சொந்தமாகிறது. யாரும் சொல்லாத, ஆனால் லேபிளிலேயே ஒளிந்திருக்கும் ஒரு தகவலை வெளியே எடுத்து வைத்தால், மற்றக் கடைகளின் வாசகத்திலிருந்து அது தானாகவே வேறுபட்டு நிற்கும். சொல்லை மாற்ற அகராதி தேட வேண்டியதில்லை.

22.5 வாட் விஷயமும் இதே மாதிரி. அந்த எண் பொய்யில்லை, லேபிளில் இருக்கிறது. ஆனால் அது யு.எஸ்.பி.-ஏ வாய்க்கு மட்டும், அதுவும் ஹுவாவே வகையின் வேக சார்ஜ் முறையை ஏற்கும் போனுக்கு மட்டும். ஐபோன், பிக்சல் வைத்திருப்பவர் டைப்-சி வாயைத்தான் பயன்படுத்த வேண்டும். அவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 20 வாட். தம் நிறுவனத்துக்கே உரிய வேக சார்ஜ் முறை உள்ள போன்கள் இதில் அந்த வேகத்தை எட்டாது. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு வாயில் போனைச் சொருகினால் இருவருக்கும் சேர்த்து 15 வாட்தான். இந்தக் கடைசித் தகவல் லேபிளின் ஓரத்தில் இருந்தது. வேகம் குறைகிறது என்று வரும் புகார்களுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் இல்லை. ஆகவே அதை விற்பனைக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

எடைக்கு வருவோம். சப்ளையரின் வாசகம் 280 கிராம் என்றது. கையேடு 435 கிராம் என்றது. இரண்டில் எது சரி என்று தராசு இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது? இன்று கடைகளில் கிடைக்கும் பொருள்களுக்குள் இருக்கும் லித்தியம் செல்கள் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 200 முதல் 270 வாட்-ஹவர் வரை சேமிக்கும். 74 வாட்-ஹவருக்கு செல் மட்டுமே சுமார் 275 முதல் 370 கிராம் ஆகும். அதன்மேல் சர்க்யூட், பிளாஸ்டிக் உறை, வாய்கள். எனவே 280 கிராம் என்றால் திறன் பொய்யாக இருக்க வேண்டும், அல்லது எடை பொய்யாக இருக்க வேண்டும். 435 கிராம் பொருந்துகிறது. சப்ளையரிடம் கேட்டதில், அந்த 280 தங்களுடைய 10,000 எம்.ஏ.எச். மாடலின் வாசகத்திலிருந்து தவறி வந்துவிட்டது என்று பதில் வந்தது. இது அடிக்கடி நடக்கிறது. பழைய மாடலின் குறிப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவார்கள்.

இந்த எடைக் கணக்கை வாசகர்கள் வாங்கும்போதும் போட்டுப் பார்க்கலாம். 50,000 எம்.ஏ.எச். என்று அச்சிட்ட, 300 கிராம்கூட இல்லாத பவர் பேங்க் இணையத்தில் கண்ணில் படும். 50,000 எம்.ஏ.எச். என்றால் 185 வாட்-ஹவர். அதற்கு செல் மட்டுமே முக்கால் கிலோவை நெருங்கும்.

விமான அங்கீகாரம் என்ற வரியைச் சப்ளையர்கள் மிகவும் விரும்புகிறார்கள். விமானத்துக்கென்று பவர் பேங்குக்கு யாரும் தனியாக அங்கீகாரம் தருவதில்லை. விமான நிறுவனங்கள் பார்ப்பது வாட்-ஹவர். 100 வாட்-ஹவர் வரை கைப்பையில் கொண்டுபோகலாம். 100-க்கும் 160-க்கும் இடையில் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பெட்டியில் போட்டுச் சரக்குப் பகுதிக்கு அனுப்பவே கூடாது. நம் பவர் பேங்க் 74 வாட்-ஹவர், அது மேலே அச்சிடப்பட்டும் இருக்கிறது. அச்சு அழிந்திருந்தால் சோதனையில் பறிமுதல் செய்யலாம் என்பதால் அந்த அச்சும் முக்கியம். “அங்கீகாரம் பெற்றது” போய், “74 வாட்-ஹவர் என்பதால் பொதுவான 100 வாட்-ஹவர் வரம்புக்குள் வருகிறது, கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்லவும், பயணத்துக்கு முன் உங்கள் விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளவும்” என்று ஆயிற்று. நீளம்தான். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிற ஒருவர் விமான நிலையத்தில் நின்று தவிப்பதைவிட இந்த நீளம் மேல்.

தீப்பிடிக்காத மேலுறை என்பதற்கு ஆதாரம் கேட்டேன். பிளாஸ்டிக் வி-0 தரம் என்று சொல்லும் ஒரு தாளை அனுப்பினார்கள். வி-0 என்பது யு.எல். 94 என்ற சோதனையில் வரும் ஒரு தரம். அந்தப் பிளாஸ்டிக்கின் ஒரு சிறு பட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுச் சுடரைக் காட்டி எடுக்கிறார்கள். சுடரை எடுத்த 10 விநாடிக்குள் பட்டையில் தீ தானாக அணைய வேண்டும். அதாவது அந்தப் பிளாஸ்டிக் தீப்பிடிக்கும், ஆனால் எரிந்துகொண்டே போகாது. மேலும் பவர் பேங்கில் தீ பெரும்பாலும் தொடங்குவது உள்ளே இருக்கும் செல்லில். உறையின் தரம் அதைத் தடுக்காது. எனவே ‘தீப்பிடிக்காத’ என்ற சொல் குறிப்பின் எந்த மூலையிலும் இருக்கக் கூடாது என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவர், “மத்தவங்க எல்லாம் போடுறாங்களேங்ணா” என்றார். ஒரு குழந்தையின் தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டு, தீப்பிடிக்காது என்று கடையில் படித்த நம்பிக்கையில் ஒருவர் தூங்கப் போகலாம். மற்றவர்கள் என்ன போட்டாலும் அந்த நம்பிக்கையை நாம் விற்கக் கூடாது. “மேலுறைப் பிளாஸ்டிக் வி-0 தரம் என்று தயாரிப்பாளர் தெரிவிக்கிறார்” என்பதோடு நிறுத்திவிட்டு, அடுத்த வரியிலேயே கையேட்டின் எச்சரிக்கையைச் சேர்த்தோம்: படுக்கையில், தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போட வேண்டாம், உப்பினால், அதிகமாகச் சுட்டால் பயன்பாட்டை உடனே நிறுத்தவும்.

12 அடுக்குப் பாதுகாப்பு எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கையேட்டில் நான்குதான் இருந்தன: அளவுக்கு மீறி ஏறுவது, அளவுக்கு மீறி இறங்குவது, ஷார்ட் சர்க்யூட், அதிக வெப்பம். அந்த நான்கைப் பெயர் சொல்லி எழுதினோம், கையேடு குறிப்பிடுகிறது என்ற சொல்லோடு.

இந்திய அரசின் கட்டாயப் பதிவுத் திட்டத்தில் பவர் பேங்க் வருகிறது. பி.ஐ.எஸ். பதிவு இல்லாமல் விற்கக் கூடாது. லேபிளில் ‘R-’ என்று தொடங்கும் எண் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்தத் தொழிற்சாலைக்கு, எந்த பிராண்டுக்கு, எந்த வகைப் பொருளுக்கு அந்தப் பதிவு கொடுக்கப்பட்டது என்று காட்டும். நாங்கள் போட்டுப் பார்த்தோம், பிராண்ட் பொருந்தியது. சில நேரம் அங்கே வேறு ஏதோ நிறுவனத்தின் பெயர் வரும், அல்லது பவர் பேங்குக்குப் பதிலாக சார்ஜர் என்று வரும். அப்படியானால் அந்தப் பொருளுக்குக் குறிப்பு எழுதுவதோடு விற்பதையும் விட்டுவிட வேண்டும். ஆனால் இந்தப் பதிவு பாதுகாப்புச் சோதனைக்கானது. 20,000 எம்.ஏ.எச். உள்ளே இருக்கிறதா என்பதற்கு அது சான்று அல்ல. ‘அரசு சான்றளித்த 20,000 எம்.ஏ.எச்.’ என்று எழுதுகிறவர்கள் இரண்டு உண்மையைச் சேர்த்து ஒரு பொய்யைச் செய்கிறார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது சப்ளையரின் பக்கத்தைத் திறந்து வைப்பதில்லை. ஆதாரத் தாள் மட்டும் முன்னால் இருக்கும். அந்த வாசகம் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் அதன் வரிசையும் நடையும் நம் எழுத்துக்குள் வந்துவிடும். வரிசையை நான் வாங்குபவரின் கேள்வியிலிருந்து எடுக்கிறேன். பவர் பேங்க் வாங்குபவர் முதலில் கேட்பது, என் போனுக்கு எத்தனை முறை வரும்? அடுத்து, என் போனில் வேகமாக ஏறுமா? பிறகு, இது நிரம்ப எவ்வளவு நேரம், எவ்வளவு கனம், பயணத்தில் கொண்டுபோகலாமா? கடைசியில் கடைக்குப் போன குறிப்பு இது:

“உள்ளே 20,000 எம்.ஏ.எச். (74 வாட்-ஹவர்) செல். கேபிள் வழியாகக் கிடைப்பது 12,000 எம்.ஏ.எச். (5 வோல்ட்டில்) என்று லேபிள் சொல்கிறது. அந்த எண்களின்படி எங்கள் கணக்கில், 5,000 எம்.ஏ.எச். போனைச் சுமார் இரண்டரை முறை முழுதாக ஏற்றலாம். ஐபோன், பிக்சல் போன்றவற்றை டைப்-சி வாயில் போடுங்கள்: அதிகபட்சம் 20 வாட். யு.எஸ்.பி.-ஏ வாயில் 22.5 வாட் வரை, அந்த வேகத்தை ஏற்கும் போன்களுக்கு மட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் மொத்தம் 15 வாட். 18 வாட் சார்ஜரில் இது நிரம்ப 5 முதல் 6 மணி நேரம் ஆகலாம். 10 வாட் சார்ஜரில் 9 மணி நேரத்துக்கு மேல். சார்ஜர் பெட்டியில் வராது. ஒரு டைப்-சி கேபிள் வரும். எடை கையேட்டின்படி 435 கிராம்: சட்டைப் பைக்குக் கனம், கைப்பைக்குச் சரி.”

இதற்குக் கீழே விமானப் பயணம், பாதுகாப்பு, எச்சரிக்கை வரிகள். அதற்கும் கீழே சட்டப்படி காட்ட வேண்டியவை: இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை, பெட்டிக்குள் எத்தனை உருப்படி என்பது. இவற்றைப் பெட்டியின் படத்தைப் பார்த்து அப்படியே எழுதினோம். இங்கே சொந்த நடைக்கு வேலை இல்லை.

இந்தக் குறிப்பில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். கையில் பிடிக்க வழவழப்பாக இருக்கும் என்று இல்லை. உறுதியான கட்டமைப்பு, நீண்ட நாள் உழைக்கும், பொத்தான் அழுத்த இதமாக இருக்கும் என்றெல்லாம் இல்லை. இவை எல்லாம் தொட்டவர் சொல்ல வேண்டிய வார்த்தைகள். ‘நாங்கள் பயன்படுத்திப் பார்த்தோம்’ என்ற வரியும் இல்லை. வாடிக்கையாளர் போல் நாமே ஒரு மதிப்புரை எழுதிப் போடுவதை மின்வணிக விதிகளே தடுக்கின்றன. நிறத்தைப் பற்றி ‘படத்தில் உள்ள கருநீலம், சப்ளையர் அனுப்பிய படம்’ என்று மட்டும் போட்டோம். தொட்டுணர்வைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்றால் ஒரு சாம்பிள் வாங்குவதுதான் வழி. நிறைய விற்கும் பொருளுக்கு அதை நான் வற்புறுத்துவேன்.  துணிமணி, செருப்பு போன்றவற்றில் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கக்கூடியது மிகக் குறைவு என்பதால், சாம்பிள் இல்லாமல் அவற்றுக்குக் குறிப்பு எழுத நான் ஒப்புக்கொள்வதில்லை.

எழுதி ஏற்றியதோடு வேலை முடிவதில்லை. அதே மாடல் பெயரில் உள்ளே இருப்பதைச் சப்ளையர்கள் சொல்லாமல் மாற்றுவார்கள். சீனத் தொழிற்சாலையில் ஒரு பாகம் விலை ஏறினால் வேறொன்றைப் போடுவார்கள். அதற்காகத்தான் ஒவ்வொரு மாதமும் புதிய சரக்கின் லேபிள் படத்தைத் தேதியோடு வாங்கிக் கோப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பவர் பேங்கிலேயே ஒருமுறை அப்படி வந்தது. புதிய படத்தில் எல்லா எண்களும் பழையபடியே இருந்தன. மதிப்பிட்ட திறன் மட்டும் 12,000-லிருந்து 11,000 ஆகியிருந்தது. கேபிளில் கிடைப்பது 60-லிருந்து 55 வாட்-ஹவர், போனுக்கு இரண்டரை முறை என்பது சரியாக வந்தாலும் இழுத்துப் பிடித்த எண்ணாகிவிட்டது. அன்றே குறிப்பில் 11,000 என்று திருத்தி, ‘இரண்டு முதல் இரண்டரை முறை’ என்று மாற்றினோம். பணம் கட்டிவிட்டுப் பொருளுக்குக் காத்திருந்தவர்களுக்குத் தம்பி தானே போன் செய்து, புதிய சரக்கில் என்ன குறைந்திருக்கிறது என்று சொல்லி, வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். ஒருவர் வேண்டாம் என்றார். மற்றவர்கள் அனுப்பச் சொன்னார்கள்.